ஒரு லெக் மட்டும் பங்காக மாறும்போது

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் போன் செய்தான். பின்னால் வெல்டிங் சத்தம். "ஏனுங்ணா, பத்தாயிரந்தான் போகும்னு தெரிஞ்சுதான போட்டேன்? இப்ப ஆறரை லட்சம் எடுத்து வைங்கறாங்க" என்றான். மறுநாள் மாதத்தின் கடைசிச் செவ்வாய், எக்ஸ்பைரி நாள்.

அவன் போட்டிருந்தது அசோக் லேலண்டில் ஒரு புல் கால் ஸ்ப்ரெட். தினமும் அந்த சேஸிஸின் மேல்தான் அவன் வேலை. அந்தப் பங்கு தனக்குத் தெரிந்த பங்கு என்ற நம்பிக்கை. 130 ரூபாய் ஸ்ட்ரைக் கால் ஆப்ஷனை 3.50-க்கு வாங்கி, 135 ஸ்ட்ரைக்கை 1.50-க்கு விற்றிருந்தான். கையிலிருந்து போனது பங்குக்கு 2 ரூபாய், 5,000 பங்கு கொண்ட ஒரு லாட்டுக்கு 10,000 ரூபாய். கணக்கு விளங்கும்படி விலைகளைச் சற்று உருட்டித் தந்திருக்கிறேன். பங்கு 130-க்குக் கீழே முடிந்தால் 10,000 நஷ்டம், 135-க்கு மேலே முடிந்தால் 15,000 லாபம். இரண்டுக்கும் வெளியே எதுவும் நடக்காது என்பதுதான் ஸ்ப்ரெட்டை விற்பவர்களும் சொல்லிக்கொடுப்பவர்களும் தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எதுவரை உண்மை, எங்கே உடைகிறது, உடையும் இடத்தில் என்ன செய்வது சரி என்பதை எடைபோடுவதே இந்தக் கட்டுரை.

உடையும் இடம் இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் நடுவில் இருக்கிறது. பங்கு 132-இல் முடிந்தால் 130 கால் மதிப்போடு முடிகிறது. சந்தையில் இதை ஐடிஎம் என்கிறோம். 135 கால் ஒன்றுமில்லாமல் போகிறது. காகிதத்தில் பார்த்தால் 130 காலின் மதிப்பு 2 ரூபாய், போட்ட பணமும் 2 ரூபாய். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் தனிப்பங்கு ஆப்ஷன்களில் நம் நாட்டில் கணக்கு பணத்தில் முடிவதில்லை, பங்கில் முடிகிறது. 130 கால் வைத்திருப்பவன் 5,000 பங்குகளை 130 வீதம் வாங்கியே ஆக வேண்டும். அதற்கு 6,50,000 ரூபாய் வேண்டும். என் தம்பியின் பணமெல்லாம் இரும்பிலும் மரப்பலகையிலும் கிடந்தது. டிரேடிங் கணக்கில் இருந்தது 60,000.

இந்த விதி எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் நாம் படிக்கும் அறிவுரைகளில் எது நமக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்தறிய முடியும். தேசியப் பங்குச் சந்தையில் தனிப்பங்கு ஆப்ஷன் 2001 ஜூலையில் வந்தது. அன்று அவை அமெரிக்க வகை. வாங்கியவர் எக்ஸ்பைரிக்கு முன்பே எந்த நாளிலும் உரிமையைப் பயன்படுத்தலாம், விற்றவர் மேல் எந்த நாளிலும் அசைன்மெண்ட் விழலாம். ஆனால் அப்போது பணத்தில்தான் தீர்த்தார்கள், பங்கு கை மாறவில்லை. 2011 ஜனவரி காண்ட்ராக்ட் முதல் ஐரோப்பிய வகைக்கு மாறின. எக்ஸ்பைரி அன்று மட்டுமே அசைன்மெண்ட். அதன்பின் 2018-இல் செபி பங்கு டெலிவரி முறையைப் படிப்படியாகக் கொண்டுவரத் தொடங்கி, 2019 அக்டோபருக்குள் டெரிவேட்டிவ் உள்ள எல்லாப் பங்குகளையும் அதற்குள் கொண்டுவந்தது. முன்கூட்டி அசைன்மெண்ட் இருந்த காலத்தில் பங்கு கைக்கு வரவில்லை. பங்கு வரும் காலத்தில் முன்கூட்டி அசைன்மெண்ட் இல்லை. இந்த இரண்டும் இங்கே ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை.

அமெரிக்காவில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே வெர்டிகல் ஸ்ப்ரெட்டில் ஒரு லெக் அசைன் ஆனால் என்ன செய்வது என்று ஆங்கிலப் புத்தகங்களும் காணொளிகளும் சொல்வதெல்லாம் அந்த ஊர்ச் சிக்கலுக்கான பதில். அங்கே இதே ஸ்ப்ரெட்டை டாலரில் எண்ணிப் பாருங்கள். பங்கு 138-க்குப் போய்விட்டது, எக்ஸ்பைரிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது, டிவிடெண்ட் தேதிக்கு முந்தைய இரவில் விற்ற 135 கால் அசைன் ஆகிறது. காலையில் கணக்கைத் திறந்தால் 100 பங்கு ஷார்ட். ஆனால் வாங்கிய 130 கால் உயிரோடு இருக்கிறது. அதன் விலை 8.60 என்று கொள்வோம், அதில் 60 சென்ட் காலத்துக்கான மதிப்பு. உரிமையைப் பயன்படுத்தி 130-க்கு வாங்கி 135-க்குக் கொடுத்தால் கிடைப்பது 5 டாலர். காலைச் சந்தையில் 8.60-க்கு விற்று, பங்கை 138-க்கு வாங்கித் தந்தால் 5.60. எனவே உரிமையைப் பயன்படுத்தாதே, ஆப்ஷனை விற்று பங்கைத் தனியாக முடி என்று அங்குள்ள அனுபவசாலிகள் சொல்வது சரியான அறிவுரை. டிவிடெண்ட் தேதியில் ஷார்ட்டாக இருப்பவர் அந்த டிவிடெண்டைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்த்தே சொல்கிறார்கள்.

அந்த ஊரிலேயே இந்த நிலை ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 2020 ஜூனில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 20 வயது மாணவர் ஒருவர் ராபின்ஹுட் செயலியில் தம் கணக்கு மைனஸ் 7,30,165 டாலர் என்று காட்டியதைப் பார்த்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் வைத்திருந்தது புட் ஸ்ப்ரெட். விற்ற லெக் அசைன் ஆகியிருந்தது, வாங்கிய லெக் அதை ஈடுகட்டக் காத்திருந்தது. திரையில் தெரிந்தது இரண்டு லெக்குகளும் தீர்வதற்கு இடைப்பட்ட நேரத்தில் தோன்றிய தொகை; அவருடைய உண்மையான நஷ்டம் அது இல்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அமெரிக்க நிதித்துறைக் கண்காணிப்பு அமைப்பான ஃபின்ரா அந்த நிறுவனத்துக்கு 5.7 கோடி டாலர் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர்களுக்குத் தவறான கணக்கு விவரம் காட்டியதும் காரணங்களில் ஒன்று. அந்த நிகழ்வுக்குப் பின் அங்கே எழுதப்பட்டவை எல்லாம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன: பதறாதே, வாங்கிய லெக் உன்னைக் காக்கும்.

அந்த நிலையில் அந்தச் சொல் முழுக்க உண்மை. என் குறை, அதை அப்படியே சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் கொண்டுவந்து சொல்லிக்கொடுப்பதில்தான். வாங்கிய லெக் காப்பது அது உயிரோடு இருக்கும் வரை. நம் ஊரில் அசைன்மெண்ட் நடப்பதே எக்ஸ்பைரி அன்று. அந்த நிமிடமே மற்ற லெக்கும் செத்துவிடுகிறது. இரண்டும் ஐடிஎம்-ஆக முடிந்தால் கவலை இல்லை. 130-க்கு வாங்க வேண்டிய 5,000-மும் 135-க்குக் கொடுக்க வேண்டிய 5,000-மும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பங்கு எதுவும் கைக்கு வராது. இரண்டும் ஒன்றுமில்லாமல் போனாலும் கவலை இல்லை. ஒன்று மட்டும் நின்றால்தான் சிக்கல், அப்போது காக்க மற்றது இருக்காது. நிஃப்டியில் ஸ்ப்ரெட் போட்டுப் பழகியவர்கள் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். இண்டெக்ஸ் ஆப்ஷன் பணத்தில் தீர்வதால் நடுவில் முடிந்தாலும் அவர்களுக்கு எதுவும் ஆனதில்லை.

நடுவில் மாட்டினால் நஷ்டம் எவ்வளவு போகும் என்று என் தம்பியின் ஸ்ப்ரெட்டிலேயே பார்க்கலாம். பங்கு 132-இல் முடிந்து, 5,000 பங்கு 130-க்கு வந்துவிட்டது. கொடுத்த 2 ரூபாயைச் சேர்த்தால் அடக்கவிலை 132. டெலிவரிக்கு 0.1 விழுக்காடு பரிவர்த்தனை வரி 650 ரூபாய், ப்ரோக்கர் கட்டணம் தனி. மறுநாள் பங்கு 4 விழுக்காடு இறங்கி 126.72-இல் நிற்கிறது. பங்குக்கு 5.28, மொத்தம் 26,400 ரூபாய் நஷ்டம். அதிகபட்சம் 10,000 என்று எழுதிக்கொடுத்த ஸ்ப்ரெட்டில் ஒரே நாளில் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விட்டது. 10,000 என்ற எல்லை எக்ஸ்பைரி மணி அடிக்கும் வரைக்குமான எல்லை. மணி அடித்த பின் கையில் இருப்பது வெறும் பங்கு. அதற்கு அந்த எல்லை கிடையாது.

கரடி ஸ்ப்ரெட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். 130 காலை விற்று 135 காலை வாங்கியிருந்தால், அதே 132-இல் முடிவு வந்தால், 5,000 பங்கை 130 வீதம் கொடுக்க வேண்டும். 135 புட்டை வாங்கி 130 புட்டை விற்றவருக்கும் அதே கதி. வாங்கிய புட்டே அவரைப் பங்கு கொடுக்கக் கடமைப்படுத்திவிடும். டிமேட்டில் பங்கு இல்லையென்றால் சந்தை ஏலம் நடத்தி வேறொருவரிடம் வாங்கிக் கொடுக்கும். ஏலத்தில் விலை என்னவோ அது நம் தலையில். ஏலத்திலும் கிடைக்காவிட்டால் குளோஸ்-அவுட் முறையில் பணமாகத் தீர்ப்பார்கள், அதில் விலை 20 விழுக்காடோ அதற்கு மேலோ ஏறலாம். வாங்குகிற கடமையாவது கடன் வாங்கிச் சமாளிக்கக் கூடியது. கொடுக்கிற கடமையில் இல்லாத பங்கை அடுத்தவர் கேட்கும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. எந்த ஸ்ப்ரெட் போடுகிறோம் என்பதை வைத்தே எவ்வளவு சீக்கிரம் வெளியேற வேண்டும் என்பதும் மாறுகிறது. கரடி ஸ்ப்ரெட் வைத்திருப்பவருக்குக் கடைசி நாள் என்ற சலுகையே இருக்கக் கூடாது.

சிக்கல் வருவதற்கு முன்பே எச்சரிக்கை வருகிறது. பலர் அதைப் படிப்பதில்லை. வாங்கிய ஆப்ஷன் ஐடிஎம்-ஆக இருந்தால் எக்ஸ்பைரிக்கு நான்கு வேலை நாள் முன்பிருந்து டெலிவரி மார்ஜின் ஏறத் தொடங்கும்: முதல் நாள் 10 விழுக்காடு, பின் 25, 45, எக்ஸ்பைரிக்கு முதல் நாள் 70. இது பங்கின் மொத்த விலையில் அல்ல, அந்தப் பங்குக்குரிய வழக்கமான மார்ஜினில் எடுக்கும் பகுதி. அந்த மார்ஜின் 20 விழுக்காடு என்று வைத்தால் என் தம்பிக்கு முழுத்தொகை 1,30,000. புதன் முதல் திங்கள் வரை 13,000, 32,500, 58,500, 91,000 என்று ஏறியிருக்கும். மூன்றாம் நாள் வரை அவன் கணக்கிலிருந்த 60,000 தாங்கியது, அதனால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை தாங்கவில்லை, ப்ரோக்கரிடமிருந்து மெசேஜ் வந்தது. பல ப்ரோக்கர்கள் இதற்கும் மேலே கேட்பார்கள். பணம் இல்லையென்றால் அவர்களே பொசிஷனை முடிப்பார்கள். அப்போது எந்த லெக்கை முதலில் முடிக்கிறார்கள் என்பது நம் கையில் இருக்காது.

இனி வழிகளை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம். முதல் வழி, இரண்டு லெக்கையும் சந்தையிலேயே முடித்துவிடுவது. இதற்கு எதிராகச் சொல்லப்படுவது, எக்ஸ்பைரி அன்று ஐடிஎம் ஆப்ஷனை நியாய விலைக்கு வாங்க ஆள் இருக்காது என்பது. உண்மைதான். பங்கு 132-இல் இருக்கும்போது 130 காலின் மதிப்பு 2 ரூபாய். வாங்குபவர் கேட்பது 1.70, விற்பவர் சொல்வது 2.30 என்றிருக்கும். 1.70-க்குக் கொடுத்தால் பங்குக்கு 30 பைசா, லாட்டுக்கு 1,500 ரூபாய் விட வேண்டியிருக்கும். ஆறரை லட்ச ரூபாய்க் கடமையிலிருந்து விடுபட 1,500 ரூபாய் கொடுப்பது நஷ்டமா? நான் அதைக் கூலி என்றே கொள்வேன். வரிசை மட்டும் முக்கியம்: முதலில் விற்ற 135 காலைத் திரும்ப வாங்க வேண்டும், பிறகு 130-ஐ விற்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் சில நிமிடங்கள் 135 கால் துணையின்றி நிற்கும். அதற்கான முழு மார்ஜினைக் கணக்கு கேட்கும், பணம் போதாமல் ஆர்டர் நிராகரிக்கப்படலாம்.

இரண்டாவது வழி கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. ஆப்ஷனை விற்க ஆள் இல்லையென்றால், அதே மாத ஃப்யூச்சரை ஒரு லாட் விற்றுவிடு. எக்ஸ்பைரியில் 130 காலில் வாங்க வேண்டிய 5,000-மும் ஃப்யூச்சரில் கொடுக்க வேண்டிய 5,000-மும் கழிந்துவிடும் என்பார்கள். ஃப்யூச்சர் சந்தையில் ஆள் நிறைய, விலை இடைவெளி சில பைசாதான், ஆகவே 1,500-க்குப் பதில் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். கணக்கு சரி. ஆனால் இந்தக் கழித்தல் பங்கு 130-க்கும் 135-க்கும் நடுவில் முடிந்தால் மட்டுமே நடக்கும். 130-க்குக் கீழே நழுவினால் கால் செத்துவிடும், ஃப்யூச்சர் மட்டும் நின்று பங்கு கேட்கும். 135-ஐத் தாண்டினால் இரண்டு காலும் தங்களுக்குள் கழிந்துகொள்ளும், அப்போதும் ஃப்யூச்சர் தனியாக நிற்கும். இரண்டு பக்கமும் நம்மை மொட்டை ஷார்ட் ஆக்கும் வழி இது. வாங்கும் கடமையைத் தவிர்க்கப் போய்க் கொடுக்கும் கடமையில் விழுவோம். கடைசி அரைமணி நேரத்தில் பங்கு நட்டநடுவில் அசையாமல் நிற்கும்போது, திரைமுன் உட்கார்ந்திருப்பவர் மட்டும் செய்யக் கூடியது. பட்டறையில் வெல்டிங் பார்த்துக்கொண்டே செய்யக் கூடியது அல்ல.

மூன்றாவது வழி பலர் தெரியாமலே எடுப்பது: முடிவில் எப்படியும் ஸ்ட்ரைக்குக்குக் கீழே போய்விடும் என்று காத்திருப்பது. இதில் ஒரு கண்ணி உண்டு. 2025 நிலவரப்படி தீர்வு விலை என்பது மூன்றரை மணிக்குத் திரையில் கடைசியாகத் தெரியும் விலை அல்ல. மூன்று மணி முதல் மூன்றரை மணி வரை நடந்த வியாபாரத்தின் எடையிட்ட சராசரி. மூன்று மணிக்கு 130.40-இல் இருந்த பங்கு மூன்றரைக்கு 129.60-க்கு இறங்கியிருக்கலாம். திரையைப் பார்த்தவர் தப்பித்தோம் என்று டீ குடிக்கப் போயிருப்பார். சராசரி 130.10 என்று வந்தால் 5,000 பங்கு அவர் பேரில். ஸ்ட்ரைக்குக்கு அருகில் முடிந்த ஆப்ஷனை வேண்டாம் என்று ஒதுக்கும் வசதி முன்பு இருந்தது; 2023 மார்ச் எக்ஸ்பைரியோடு அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது 10 பைசா உள்ளே இருந்தாலும் உள்ளேதான்.

நான்காவது வழி, டெலிவரியை ஏற்பது. இதை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. பங்கு வேண்டும், முழுப்பணமும் இருக்கிறது, 132 அடக்கத்தில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கச் சம்மதம் என்றால் இது நேர்மையான முடிவு. புல் புட் ஸ்ப்ரெட் போட்டு, அசைன் ஆனால் ஸ்ட்ரைக் விலைக்கே வாங்கிக்கொள்கிறேன் என்று முன்பே பணம் ஒதுக்கியவருக்கு அசைன்மெண்ட் விபத்தே அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர் ஸ்ப்ரெட் போட்டதற்கான காரணம் நஷ்டத்தை மட்டுப்படுத்துவது அல்ல. மட்டுப்படுத்துவதற்காகவே போட்டவர், மணி அடித்த பின் நான் முதலீட்டாளன் என்று பெயர் மாற்றிக்கொள்வது தவறை மூடிமறைப்பது. எந்தப் பெயரில் இருக்கிறோம் என்பதை ஸ்ப்ரெட் போடும் நாளிலேயே முடிவு செய்திருக்க வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான். தனிப்பங்கு ஸ்ப்ரெட்டில் அசைன்மெண்ட்டைச் சமாளிக்கும் திறமை என்று ஒன்று நம் சந்தையில் கிட்டத்தட்ட இல்லை. அசைன்மெண்ட்டுக்கு முன் வெளியேறும் ஒழுக்கம்தான் இருக்கிறது. அமெரிக்காவில் அசைன்மெண்ட்டுக்குப் பிறகு யோசிக்க நேரமும், விற்க இன்னொரு லெக்கும் உண்டு. இங்கே இரண்டும் இல்லை. ஆகவே கரடி ஸ்ப்ரெட் என்றால் டெலிவரி மார்ஜின் ஏறத் தொடங்கும் முன்பே, காளை ஸ்ப்ரெட் என்றால் எக்ஸ்பைரிக்கு முதல் நாளோடு, விற்ற லெக்கை முதலில் வாங்கி இரண்டையும் முடித்துவிட வேண்டும். அதற்கு ஆகும் ஆயிரம், இரண்டாயிரத்தை ஸ்ப்ரெட் போடும் அன்றே செலவாக எழுதி, லாபக் கணக்கிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும். கழித்த பின் மிஞ்சுவது போதவில்லை என்றால் அந்த ஸ்ப்ரெட்டே போடத் தகுந்ததல்ல.

செவ்வாய்க்கிழமை காலை முதல் ஒரு மணி நேரத்துக்குள் தம்பி வெளியே வந்தான். 135 காலை 10 பைசாவுக்கு வாங்கினான், 500 ரூபாய். 130 காலை 1.70-க்கு விற்றான், 8,500 ரூபாய். போட்ட 10,000-இல் திரும்பியது 8,000. அன்று பங்கு 132-இல் முடிந்தது. புதன்கிழமை 134.50-க்கு ஏறியது. பங்கை வாங்கி வைத்திருந்தால் 12,500 ரூபாய் கிடைத்திருக்கும் என்று கணக்குப் போட்டு எனக்கு அனுப்பினான். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 12,500-க்கு ஆறரை லட்சம் வேண்டியிருந்தது, அது அவனிடம் இல்லை. தன்னிடம் இல்லாத பணத்தால் வந்திருக்கக் கூடிய லாபத்தை இழப்பு என்று எழுத முடியாது. மறுநாள் விலை ஏறியதா இறங்கியதா என்பதை வைத்து அவன் முடிவை நான் அளக்கவில்லை. திங்கட்கிழமை இரவு அவன் கையில் இருந்தது 60,000; அந்தப் பணத்துக்குள் முடியும் நஷ்டத்தை அவன் தேர்ந்தெடுத்தான். ஸ்ப்ரெட் போட்டவன் முதலில் எண்ணியதும் அதைத்தான்.